1,940 அட்டைகள் காத்திருக்கின்றன. இரண்டேகால் வருடப் படிப்பு அங்கேயே நிற்கிறது

கோடிக்காம்பரா | மே 18, இரவு 11.20

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸைச் சொந்தமாகவே படித்துக்கொண்டு வருகிறேன். கிட்ஹப்பில் இருக்கும் OSSU பாடத்திட்டம்தான். கிழமைக்கு 20 மணித்தியாலம் ஒதுக்கினால் ஏறக்குறைய 2 வருடத்தில் முடிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதை நம்பி, முடியும் திகதியைக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சுவரில் ஒட்டினேன். அந்தத் திகதி போய் மூன்று மாதமாகிறது. நான் இன்னும் கணிதப் பகுதியின் பாதியில்தான் இருக்கிறேன்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. புரோகிராமிங் பாடங்கள் இரண்டையும் ஆசையாகவே முடித்தேன். கணிதம் தொடங்கியதும் படித்தது மறக்கிறதே என்று டிசம்பரில் ஆன்கி போட்டேன். கேள்வியும் பதிலும் எழுதிய அட்டைகளை, மறக்காமல் இருக்க நாள் பார்த்து மறுபடி மறுபடி காட்டும் செயலி அது. விரிவுரையில் வரும் ஒவ்வொரு தேற்றத்தையும் அட்டையாக்கினேன். இரவு 9 மணிக்குத் தம்பி, தங்கைகள் படுத்த பிறகுதான் மேசை எனக்குக் கிடைக்கும். 10.30 வரை இருப்பேன். ஏப்ரலில் கொழுந்து அதிகமாகி, தொழிற்சாலையில் இரவு வேலையும் வந்தது. மூன்று கிழமை ஆன்கியைத் திறக்கவே இல்லை. போன ஞாயிறு திறந்தேன். 1,940 என்று காட்டியது. மூடிவிட்டேன். அதற்குப் பிறகு லெப்டொப்பையே தொடவில்லை. பையில் இருப்பது தெரிந்தால்கூட வயிற்றில் என்னவோ செய்கிறது.

எனக்குச் சோம்பல் வந்துவிட்டதா, இல்லை இந்தப் படிப்பே எனக்கு ஒத்துவராததா? இத்தனை வருடம் இழுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பதுளை ரோட்டு | மே 19, காலை 6.05

தம்பி, நான் 18 வருடம் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகம் பார்த்தவன். கவ்வாத்து வெட்டிய மலையில் உடனே கொழுந்து கேட்க மாட்டோம். சில மாதம் அப்படியே விட்டுவிடுவோம். தானாகத் துளிர்க்கும். நீயும் ஒரு மாதம் எதையும் தொடாதே. புத்தகம் வேண்டாம், லெப்டொப் வேண்டாம். மனசு களைத்துவிட்டது, அவ்வளவுதான். ஓய்வு எடுத்தால் ஆசை தானாகத் திரும்பும்.

---

மஸ்கெலியா டியூஷன் சேர் | மே 19, காலை 7.40

மறுமுறை உயர்தரம் எழுதும் பிள்ளைகளிடமும் இதே பிரச்சினையைத்தான் பார்க்கிறேன். கணிதம் வராவிட்டால் பாடப்பிரிவை மாற்றுவதில் தவறில்லை. கலைப்பிரிவில் படித்தும் பல்கலைக்கழகம் போகலாம். கடந்தகால வினாத்தாள்கள் பத்து வருடத்துக்காவது செய்யுங்கள். காலை 4 மணிக்கு எழும்பப் பழகுங்கள். எந்த வருடப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள்?

---

கோடிக்காம்பரா | மே 19, காலை 8.10

சேர், நான் உயர்தரம் எழுதி ஒன்பது வருடமாகிறது. இது பரீட்சைக்கான படிப்பு இல்லை. அதுதான் சிக்கலே. பரீட்சை என்றால் ஒரு நாளில் முடிந்துவிடும், பாஸோ பெயிலோ. இதற்கு அப்படி ஒரு நாள் இல்லை.

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 19, இரவு 9.15

தம்பி, நான் ஹட்டனில் இருந்துகொண்டு ஆறு வருடம் தனியாகப் படித்தேன். கணிதமும் புள்ளிவிவரமும். நடுவில் இரண்டு முறை நின்றுபோனேன். அதனால் சோம்பலா, ஒத்துவராததா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் எனக்குச் சில கணக்கு வேண்டும்.

ஆன்கியில் `Stats` என்ற பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களைப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை அட்டை பார்த்தீர்கள்? ஓர் அட்டைக்கு எத்தனை செக்கன் எடுத்தது? ஒரு நாளைக்குப் புது அட்டை எத்தனை வைத்திருந்தீர்கள்? இன்னொன்று, டிசம்பருக்குப் பிறகு எத்தனை விரிவுரை முடித்தீர்கள்?

பதுளை ரோட்டு அண்ணன் சொல்லும் ஓய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலைச் செடி ஓய்வெடுக்கும்போது யாரும் அதன் பெயரில் கொழுந்துக் கணக்கு எழுதுவதில்லை. ஆன்கி எழுதும். நீங்கள் ஒரு மாதம் தூங்கினால் 1,940 அங்கே இன்னும் கூடித்தான் நிற்கும். முதலில் கணக்கு ஏறுவதை நிறுத்துங்கள், பிறகு தூங்கலாம்.

---

கண்டிச்சீமை | மே 19, இரவு 10.02

நான் மூன்று வருடமாக ஜப்பான் மொழி படிக்கிறேன். பராமரிப்பு வேலைக்குப் போகும் எண்ணத்தில் தொடங்கினேன். பிள்ளை பிறந்ததால் போகவில்லை, படிப்பு மட்டும் நிற்கவில்லை. என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாளும் விடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஐந்து அட்டை. சங்கிலி அறாமல் 600 நாளைத் தாண்டிவிட்டது. நீங்கள் மூன்று கிழமை விட்டதுதான் பிழை. ஐந்து அட்டையாவது பார்த்திருக்கலாம்.

---

எல்ல ரயில் | மே 19, இரவு 10.30

கணிதத்துக்கு அட்டையா! கணிதம் கை வழியாகத்தான் மண்டைக்குப் போகும். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பயிற்சிக் கணக்கு செய். பிரச்சினை முடிந்தது. நான் இங்கே விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டே வெப் டெவலப்மென்ட் படித்தேன். ஓர் அட்டைகூடப் போடவில்லை.

---

கோடிக்காம்பரா | மே 20, மாலை 5.50

அக்கா, பார்த்தேன். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

புது அட்டை நாளைக்கு 20. அது ஆன்கியே வைத்திருந்த எண், நான் மாற்றவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நாளைக்குச் சராசரி 170 அட்டை. ஓர் அட்டைக்கு 26 செக்கன்.

பெருக்கிப் பார்த்தேன். 4,420 செக்கன். ஏறத்தாழ 74 நிமிடம். எனக்குக் கிடைப்பதே 90 நிமிடம்.

டிசம்பருக்குப் பிறகு முடித்த விரிவுரைகள் நான்கு.

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 20, இரவு 9.40

சரி, இப்போது விஷயம் தெரிகிறது. நீங்கள் ஐந்து மாதமாகக் கணிதம் படிக்கவே இல்லை தம்பி. தினமும் பழைய அட்டையைப் புரட்டிவிட்டு, மிஞ்சிய 16 நிமிடத்தில் புதுப் பாடத்தைத் தள்ளியிருக்கிறீர்கள். 16 நிமிடத்தில் ஒரு நிறுவலைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. கடுமையாக உழைத்த உணர்வு இருக்கும், ஆனால் எங்கும் நகர்ந்திருக்க மாட்டீர்கள். மனசு அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. லெப்டொப்பைக் கண்டால் வயிறு கலங்குவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சோர்வை ஆராய்ந்தவர்களில் கிறிஸ்டினா மாஸ்லாக் முக்கியமானவர். அவர் இதை மூன்றாகப் பிரிக்கிறார். உடம்பும் மனசும் வற்றிப்போவது ஒன்று. செய்யும் வேலை மீதே கசப்பு வருவது இன்னொன்று. என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது மூன்றாவது. அவர் சொன்னது தொழில் பார்ப்பவர்களைப் பற்றி, இருந்தாலும் நமக்கும் உதவும். முதலாவது ஓய்வில் பெரும்பாலும் ஆறிவிடும். மூன்றாவதை ஓய்வு தொடாது. ஏனென்றால் திரும்பி வரும்போது அதே 74 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் எழுத்தைப் படித்தால் எனக்கு மூன்றாவதுதான் தெரிகிறது.

எது என்று நீங்களே பார்க்க ஒரு வழி: பத்து நாளுக்கு OSSU பக்கமே போகாமல், கம்ப்யூட்டரில் உங்களுக்குப் பிடித்த வேறு ஏதாவது செய்யுங்கள். அதற்குக் கை போனால் களைத்தது நீங்கள் இல்லை, இந்த ஏற்பாடு. அதற்கும் கை போகவில்லை, சாப்பாடும் கூட்டாளிகளும்கூட வேண்டாம் என்று இருக்கிறது, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அது படிப்பு விஷயம் இல்லை. 1926க்கு எடுத்துப் பேசுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் வீட்டில் ஒருவர் பேசியிருக்கிறார்.

26 செக்கன் என்பதும் உறுத்துகிறது. ஓர் அட்டைக்கு 60 செக்கனுக்கு மேல் போனால் ஆன்கி எண்ணுவதை நிறுத்திவிடும், அதன் இயல்பான அமைப்பே அப்படி. ஆக உங்கள் உண்மை நேரம் இன்னும் கூட இருக்கும். அப்படி என்ன அட்டை போட்டிருக்கிறீர்கள்? ஒன்றை அப்படியே இங்கே எழுதுங்கள்.

---

கோடிக்காம்பரா | மே 20, இரவு 10.15

முன்பக்கம்: "√2 ஒரு விகிதமுறா எண் என நிறுவுக."

பின்பக்கம்: ஒன்பது வரி. நிறுவல் முழுவதும்.

இப்படி அறுநூறுக்கு மேல் இருக்கும் அக்கா.

---

எல்ல ரயில் | மே 20, இரவு 10.21

ஐயோ.

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 21, இரவு 9.30

இது அட்டை இல்லை, பரீட்சை வினா. தினமும் 170 வினா உள்ள பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்பது வரியில் ஒரு வரி தவறினாலும் "Again" அழுத்தியிருப்பீர்கள். அது நாளைக்கு மறுபடி வரும், நாளை மறுநாளும் வரும். 170 ஆனதே அதனால்தான். புது அட்டை 20 என்றால் சாதாரணமாகவே மீள்பார்வை அதைப்போல் ஏழு, எட்டு மடங்கு வரும். சிலருக்குப் பத்து மடங்குகூட. சின்னச் சின்னச் சொல் அட்டைகள் என்றால் அது 20, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். உங்களுக்கு 74.

அந்த நிறுவலில் ஞாபகம் வைக்க வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோதான். √2 = p/q எனச் சுருங்கிய பின்னமாக எடுத்த பிறகு முதலில் எதைக் காட்ட வேண்டும்? p இரட்டை எண் என்று. அது ஓர் அட்டை. p இரட்டை என்றால் எங்கே முரண் வருகிறது? qவும் இரட்டையாகிவிடுகிறது, அப்படியென்றால் பின்னம் சுருங்கியதாக இருக்க முடியாது. அது இன்னோர் அட்டை. நடுவில் உள்ள வர்க்கமாக்கல், பிரதியிடல் எல்லாம் கை தானாகச் செய்ய வேண்டியவை. அங்கே எல்ல ரயில் சொல்வது சரி, அதை அட்டை கற்றுத்தராது. ஆனால் மொத்தத்தையும் அழி என்பதை ஏற்க மாட்டேன். வரைவிலக்கணம் மறந்தால் கை எதை எழுதும்?

இப்போது செய்ய வேண்டியது. கணக்கு ஏறுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. தொகுதியின் அமைப்புக்குள் போய் `New cards/day` என்பதை 0 ஆக்குங்கள். அடுத்து `Browse` திறந்து இதைத் தட்டுங்கள்:

```
tag:leech
```

எட்டு முறை தவறிய அட்டைகளுக்கு ஆன்கியே போட்டுவைக்கும் குறி அது. லீச் என்றால் அட்டைதான். நம் காட்டு வழிகளில் காலில் ஏறுமே, அதேதான், பெயர் வைத்தவன் எங்கேயோ கடிபட்டிருக்கிறான். வருவது எல்லாவற்றையும் தெரிவு செய்து `Suspend` கொடுங்கள். அழியாது, உறங்கும். பிறகு அந்த ஒன்பது வரி அட்டைகள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து அதேபோல் உறங்க வையுங்கள். இதற்கு ஓர் இரவு போகும், போகட்டும். படித்துப் பார்க்க நிற்காதீர்கள், நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக `Maximum reviews/day` என்பதை 60 ஆக்குங்கள். முன்னால் வந்து நிற்கும் எண் இனி 60தான். மீதி பின்னால் காத்திருக்கும், உங்கள் கண்ணில் படாது. பாதி வைத்தியம் இதுதான். அட்டை அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணிக்கும் `FSRS` முறையைப் போட்டிருந்தால் மீள்பார்வை வரிசையை `Descending retrievability` என்று வையுங்கள். இன்னும் நினைவில் மிஞ்சியிருப்பவை முன்னால் வரும். மறந்தே போனது இன்னும் பத்து நாள் மறந்திருந்தால் என்ன கெட்டுவிடப்போகிறது? மறக்கப்போவதைப் பிடித்துவைப்பதுதான் மலிவு. எத்தனை பங்கு நினைவில் நிற்க வேண்டும் என்று சொல்லும் `Desired retention` 0.90 இல் இருக்கும், 0.85க்குக் குறையுங்கள். நூற்றில் ஐந்து அட்டை கூடுதலாக மறப்பீர்கள், நாளாந்தச் சுமை நன்றாகவே இறங்கும். அதற்கும் கீழே மிகவும் இறக்காதீர்கள். கணிதத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் அடியில் ஓட்டை விழக்கூடாது.

---

கண்டிச்சீமை | மே 22, காலை 5.20

அக்கா, மற்றதெல்லாம் சரி, ஆனால் சங்கிலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. தினமும் 60 செய்யச் சொல்கிறீர்கள். அடுத்த சீசனில் மறுபடி மூன்று கிழமை விட்டால்?

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 22, இரவு 8.55

விடட்டுமே தங்கச்சி. நான் முதல் தடவை நின்றுபோனதே சங்கிலியால்தான். 143 நாள் வைத்திருந்தேன். அம்மாவை நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவில் அது அறுந்தது. அடுத்த நாள் பூச்சியம் என்று பார்த்ததும், இனி என்ன என்று இரண்டு மாதம் தொடவில்லை. ஓர் இரவுக்காக இரண்டு மாதம். உங்களுக்கு அது உதவுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அறுந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்துவிடுங்கள்.

---

கண்டிச்சீமை | மே 22, இரவு 9.30

நான் அறுக்க மாட்டேன்.

---

பதுளை ரோட்டு | மே 22, இரவு 9.48

சிரிப்பு வருகிறது. ஆனால் தங்கச்சி சொன்ன ஐந்து அட்டை நல்ல யோசனைதான். தோட்டத்தில் சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். அரைப் பேர் என்றாலும் வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் ஒரு பேர் இருக்கும். வறட்சிக் காலத்தில் மலையில் கொழுந்தே இல்லாதபோது அதே கிலோவைக் கேட்டால் தினமும் எல்லோருக்கும் அரைப் பேர் விழும், பிறகு காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கே ஆட்கள் வர மாட்டார்கள். அதனால் மலையைப் பார்த்துத்தான் கிலோவைச் சொல்ல வேண்டும். இந்தத் தம்பி வருடம் முழுக்க ஒரே கிலோவை வைத்திருக்கிறான்.

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 22, இரவு 10.10

அண்ணே, இதைத்தான் நான் சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்தேன்.

தம்பி, அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். கிழமைக்கு 20 மணித்தியாலம், 2 வருடம் என்றால் மொத்தம் 2,000 மணித்தியாலம் அளவு. இதுவரை எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பீர்கள், ஏதாவது குறித்து வைத்திருக்கிறீர்களா?

---

கோடிக்காம்பரா | மே 23, இரவு 9.05

ஆபீஸில் பழகிய பழக்கம், கொப்பியில் குறித்துத்தான் வைத்திருக்கிறேன். நேற்று கூட்டினேன். 117 கிழமையில் 780 மணித்தியாலம். கிழமைக்கு ஏழுகூட இல்லை.

மீதி 1,220. ஏழால் பிரித்தால் 174 கிழமை. இன்னும் மூன்று வருடமும் நான்கு மாதமும்.

இதைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாறாக, இரண்டு வருடமாக ஏதோ களவு செய்தவன் மாதிரி இருந்தேனே, அது கொஞ்சம் குறைந்தது. நான் பின்தங்கவில்லை, முதல் நாளிலேயே கணக்குத் தப்பு. ஒரு கிழமைக்கு ஏழு மணித்தியாலம் உள்ளவன் இருபது உள்ளவனின் கலண்டரை ஒட்டியிருக்கிறேன்.

கலண்டரைக் கழற்றிவிட்டேன். சுவரில் நான்கு பக்கமும் பசை மட்டும் நிற்கிறது. ஆன்கியில் அக்கா சொன்னதெல்லாம் செய்தேன். லீச் 212. நீள நிறுவல் 640. எல்லாம் உறங்குகின்றன. பின்னால் 1,090 இருப்பது தெரியும், ஆனால் முகப்பில் 60 என்றுதான் நிற்கிறது.

பத்து நாள் சோதனையையும் இன்றிலிருந்து தொடங்குகிறேன்.

---

எல்ல ரயில் | மே 23, இரவு 9.40

மூன்று வருடம் நான்கு மாதமா? தம்பி, கணிதத்தை விட்டுவிட்டு நேரே வேலைக்கு உதவுவதைப் படி. இன்னும் 1,220 மணித்தியாலத்தை வேறு எதில் போட்டாலும் இதற்குள் சம்பளம் வரும்.

---

மஸ்கெலியா டியூஷன் சேர் | மே 24, காலை 7.15

இப்போதுதான் முழுவதும் வாசித்தேன், மன்னிக்கவும். நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். ஆனால் என் மாணவர்களின் குறிப்புப் புத்தகங்களிலும் இதே ஒன்பது வரி வியாதி இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் அந்த √2 உதாரணத்தைப் பயன்படுத்தலாமா?

---

சிங்கமலைச் சுரங்கம் | மே 24, காலை 8.00

தாராளமாக, சேர்.

---

கோடிக்காம்பரா | ஜூலை 12, இரவு 10.20

மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் சோதனையில் என்ன நடந்தது என்றால், மூன்றாம் நாளே கை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆபீஸில் காலை, மத்தியானம், மாலை என மூன்று நிறுவைச் சீட்டையும் கல்குலேட்டரில் கூட்டித்தான் பதிவோம். அதைக் கூட்டிச் சரிபார்க்க ஒரு சின்ன பைதன் நிரல் எழுதினேன், முப்பது வரிகூட இல்லை. முதல் நாளே நான் கையால் கூட்டியதில் 14 கிலோ வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது. பெரிய கிளார்க் ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் தன் சீட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆக, களைத்தது நான் இல்லை.

பின்னால் நின்ற 1,090ம் ஜூலை 9ஆம் திகதி தீர்ந்தது. ஏறத்தாழ 50 நாள். வெறும் கழித்தல் கணக்கில் பார்த்தால் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும், ஆனால் தீர்த்தவையும் திரும்பி வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் இரண்டு கிழமை எண் அசையவே இல்லை, அக்காவைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். இப்போது ஓர் அட்டைக்கு 11 செக்கன். நாளைக்கு 30, 35 அட்டை. ஆறேழு நிமிடத்தில் முடிகிறது. புது அட்டை நாளைக்கு 4, அதுவும் அந்தப் பாடத்தின் பயிற்சிக் கணக்கைச் செய்த பிறகுதான் போடுகிறேன். செய்து பார்த்த பிறகு எதை அட்டையாக்க வேண்டும் என்பதே வேறு மாதிரித் தெரிகிறது.

வரிசையையும் மாற்றினேன். முன்பு அட்டை முதலில், பாடம் பிறகு. இப்போது 9 மணிக்குப் பாடம், 10.20க்கு அட்டை. அட்டைக்கு நேரமில்லாமல் போனாலும் பாடம் நடந்திருக்கும். ஆறு கிழமையில் ஐந்து விரிவுரை.

சீசனுக்கு அண்ணன் சொன்ன மாதிரி வேறு கிலோ. ஏப்ரல், மே மாதத்தில் புதுப் பாடமே இல்லை, அட்டை 15, ஞாயிறு மட்டும் ஒரு பயிற்சிக் கணக்கு. அதற்கு மேல் செய்தால் கொப்பியில் எழுதக்கூடாது என்று எனக்கே ஒரு சட்டம்.

---

கண்டிச்சீமை | ஜூலை 13, காலை 5.10

சந்தோஷம் தம்பி. எனக்கு 660 ஆகப்போகிறது. ஆனால் போன கிழமை ஓர் இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டே 11.55க்கு ஐந்து அட்டையைப் பார்க்காமலே அழுத்தினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சங்கிலி மட்டும் அறவில்லை. அக்கா, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், சொல்லாதீர்கள்.

---

சிங்கமலைச் சுரங்கம் | ஜூலை 13, இரவு 9.00

சொல்லவில்லை.

தம்பி, அந்த நிறுவைச் சீட்டு நிரலை விட்டுவிடாதீர்கள். எல்ல ரயில் சொல்லும் வேலைக்கு உதவும் படிப்பா, கணிதமா என்பதில் எனக்கும் முடிவான பதில் இல்லை. நான் கணிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் போனேன், வருமானமாக அது மாறியது ஐந்தாம் வருடத்தில்தான். உங்கள் வீட்டு நிலைமையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கிழமையில் ஒரு நாளை அந்த நிரல் மாதிரியானவற்றுக்கு விட்டால், மூன்று வருடம் நான்கு மாதம் இன்னும் ஆறு மாதமளவு நீளும். நீண்டால் பரவாயில்லையா என்று யோசியுங்கள்.

---

எல்ல ரயில் | ஜூலை 13, இரவு 9.25

இரண்டு நாளை விடச் சொல்லுங்கள். மூன்று நாளை.

---

கோடிக்காம்பரா | ஜூலை 13, இரவு 10.40

ஒரு நாள், சனிக்கிழமை. அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

அக்கா, ஒரு சின்னக் கேள்வி. உறங்க வைத்த அந்த 852 அட்டைகளை என்ன செய்வது? ஒவ்வொன்றாக உடைத்துச் சின்னதாக்க வேண்டுமா? யோசித்தாலே மறுபடி வயிறு என்னவோ செய்கிறது.

---

எல்ல ரயில் | ஜூலை 13, இரவு 10.42

அழி.

---

சிங்கமலைச் சுரங்கம் | ஜூலை 13, இரவு 10.50

அப்படியே கிடக்கட்டும், இடம் அடைக்காது. பாடத்தில் எங்காவது ஒன்று தேவைப்பட்டால் அதை மட்டும் தேடி எடுத்து அன்றைக்கே இரண்டாக உடையுங்கள். நான் உறங்க வைத்தவற்றில் நூறுகூட வெளியே வந்ததில்லை. இப்போது 10.50, போய்ப் படுங்கள்.